சாட்பாட் எழுதித் தந்த சிஸ்டம் பிராம்ப்ட்டில் எதை வெட்டுவது?

கேள்வி: எங்கள் நூலகத்தின் இணையதளத்தில் வாசகர்களுக்குப் பதில் சொல்ல ஒரு சாட்பாட் வைக்கிறோம். அது எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தரும் அறிவுறுத்தலை, அதாவது சிஸ்டம் பிராம்ப்ட்டை, இன்னொரு சாட்பாட்டிடம் எழுதச் சொன்னேன். இரண்டு பக்கத்துக்கு வந்துவிட்டது. படித்தால் எல்லாமே சரியாகத்தான் படுகிறது. அப்படியே போட்டுவிடலாமா, வெட்ட வேண்டுமா? வெட்டினால் எதை?

பதில்: வெட்ட வேண்டும். ஆனால் படித்துப் பார்த்து வெட்டாதீர்கள், ஓட்டிப் பார்த்து வெட்டுங்கள். இந்த வரைவுகள் படிக்க நன்றாக இருப்பதுதான் சிக்கல். எந்த வரி வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

முதலில் கவுன்டரில் வாசகர்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளில் 15ஐ அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். “புக்கு தொலஞ்சு போச்சு, என்ன பண்றது?” என்று கேட்டால் அப்படியே. பாதி எளிதானவை, மீதி வம்பானவையாக இருக்கட்டும். பிறகு வரைவு எழுதிய அந்த உரையாடலிலேயே சோதிக்காதீர்கள். நீங்கள் சொன்ன விவரமெல்லாம் அங்கே ஏற்கெனவே இருப்பதால் பதில் நன்றாகத்தான் வரும். தளத்தில் ஓடப்போகும் அதே மாடலில், சிஸ்டம் பிராம்ப்ட்டுக்கு உரிய இடத்தில் வரைவைப் போட்டு, ஒவ்வொரு கேள்வியையும் புதிய உரையாடலில் கேளுங்கள். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் பதில் சற்று மாறக்கூடும் என்பதால் மூன்று முறையாவது கேட்க வேண்டும். பிராம்ப்ட் இல்லாமல், நூலக விவரங்களை மட்டும் கொடுத்தும் ஒரு சுற்று ஓட்டுங்கள். வரைவு எதைக் கூட்டித் தந்தது என்பது அந்த ஒப்பீட்டில்தான் தெரியும்.

ஓட்டிப் பார்த்தபின் முதலில் தேட வேண்டியது, நீங்கள் சொல்லாமல் வரைவில் புகுந்த வாக்குறுதிகளை. “தெரியாத கேள்விக்கு 24 மணி நேரத்தில் ஊழியர் பதிலளிப்பார் என்று கூறு” என்பது போன்ற வரி அடிக்கடி வரும். வரைவை எழுதிய மாடலுக்கு உங்கள் நூலகம் எப்படி நடக்கிறது என்று தெரியாது. வழக்கமாக இருக்கக்கூடியதை இட்டு நிரப்பிவிடும். வாசகர் அதை நூலகத்தின் வாக்காகவே எடுத்துக்கொள்வார்.

அடுத்தது மாதிரிப் பதில்கள். “அருமையான கேள்வி!” என்று தொடங்கும் ஓர் உதாரணம் வரைவில் இருந்தால், தாமதக் கட்டணத்துக்குக் கோபப்படுபவருக்கும் பதில் அப்படியே தொடங்கக்கூடும். ஒரே ஓர் உதாரணம் என்றால் அதன் சொற்களே ஒட்டிக்கொள்ளும். எடுத்துவிடுங்கள், அல்லது ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத மூன்றை வையுங்கள்.

“20 ஆண்டு அனுபவமுள்ள நூலகர் நீ”, “சுருக்கமாகவும் முழுமையாகவும் பதில் சொல்” போன்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பதில் மாறவில்லை என்றால் அந்த வரி போகலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “பிற வாசகர் எடுத்த புத்தகங்களைப் பற்றிப் பேசாதே” என்ற வரியை எடுத்தாலும் உங்கள் 15 கேள்விகளில் ஒன்றின் பதில்கூட மாறாமல் இருக்கலாம். வரி வீண் என்று அர்த்தமில்லை, அதைத் தட்டி எழுப்பும் கேள்வி பட்டியலில் இல்லை. அதனால் எந்த வரியை எடுக்கும் முன்னும் அது தேவைப்படும் கேள்வியை எழுதுங்கள். இந்த வரிக்கு, “என் தம்பி கார்டுல என்ன புக்கு எடுத்திருக்கான்?” அப்படி ஒரு கேள்வியையும் யோசிக்க முடியாத வரியைத் தயங்காமல் நீக்கலாம். கூடவே ஒன்று: பிராம்ப்ட் பூட்டு அல்ல. கடன் பதிவேட்டை சாட்பாட்டின் கைக்கே எட்டாமல் வைப்பதுதான் காவல்.

மிஞ்சும் வரிகளில் கட்டளைக்குப் பக்கத்தில் காரணத்தைச் சேருங்கள். “கட்டணத் தள்ளுபடி பற்றிப் பேசவே கூடாது” என்றிருந்த வரி இப்படி ஆகலாம்:

```
தாமதக் கட்டணத்தைக் குறைப்பது ஊழியரின் முடிவு.
நீ வாக்குக் கொடுத்தால் வாசகர் வந்து ஏமாறுவார்.
கேட்பவரைக் கவுன்டருக்கு அனுப்பு.
```

இது நீளம்தான். ஆனால் “உடம்பு சரியில்லாம லேட்டாயிடுச்சு, ஏதாவது பாத்து பண்ணுங்க” என்று, தள்ளுபடி என்ற சொல்லே இல்லாமல் கேட்டாலும் மாடல் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். இதனால்தான் “இதைப் பாதியாகச் சுருக்கு” என்று சாட்பாட்டிடமே கொடுக்க வேண்டாம் என்கிறேன். சுருக்கும்போது அது முதலில் விடுவது பெரும்பாலும் இந்தக் காரணங்களைத்தான். “அன்பாகப் பேசு” மட்டும் பத்திரமாக இருக்கும்.

கேள்விப் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். மாடலின் பதிப்பு மாறும் நாளில் அதே 15ஐயும், வெட்டும்போது சேர்த்தவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.