'நடவடிக்கையில் உள்ளது' என்று எழுதாதீர்கள்: கம்ப்ளையன்ஸ் கமிட்டி மினிட்ஸ் பற்றிச் சில கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் அலுவலகங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். பெரும்பாலும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள். பசுந்தேயிலையை வெளியில் வாங்கி அரைப்பவை. கணக்கு, பி.எஃப்., லைசென்ஸ் எல்லாவற்றையும் நான்கைந்து பேரே பார்க்கும் இடங்கள்.

எங்கள் கமிட்டி மாதாமாதம் கூடுகிறது. மினிட்ஸில் ஒவ்வொரு தாக்கலுக்கும் நேராக 'முடிந்தது', 'நடவடிக்கையில் உள்ளது' என்று எழுதுகிறோம். இது போதாது என்கிறார் புது இயக்குநர். வேறென்ன எழுதுவது? – கோத்தகிரி

உங்கள் இயக்குநர் சொல்வது சரி. ஏன் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு தொழிற்சாலையில் ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30 அன்று நடந்தது. நிதிநிலை அறிக்கையை AOC-4 படிவத்தில் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அதாவது அக்டோபர் 30. ஆண்டறிக்கைக்கான MGT-7 படிவத்துக்கு 60 நாள், அதாவது நவம்பர் 29. கமிட்டி அக்டோபர் முதல் வாரம் கூடியது. AOC-4-க்கு நேராக 'நடவடிக்கையில் உள்ளது, பொறுப்பு: கணக்குப் பிரிவு' என்று எழுதினார்கள். அக்டோபர் 24-இல் மறுபடி கூடினார்கள். அதே வரி. யாரும் பொய் சொல்லவில்லை. தணிக்கையாளர் கையெழுத்திட்டுவிட்டார், படிவமும் பாதி நிரப்பியாகிவிட்டது.

அக்டோபர் 29 மாலை படிவத்தில் கையொப்பமிடப் போனபோதுதான் இயக்குநரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் காலாவதியானது தெரிந்தது. அவர் ஊரில் இல்லை. புதுப்பிக்க அவரே வீடியோவில் முகம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். எல்லாம் முடிந்து நவம்பர் 17-இல் தாக்கல் ஆனது. 18 நாள் தாமதம், நாளுக்கு 100 ரூபாய், 1,800 ரூபாய் கூடுதல் கட்டணம். இந்தக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு கிடையாது. ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் ஒரு படிவத்துக்கே 36,500 ரூபாய்.

1,800 ரூபாய் பெரிய தொகையில்லைதான். ஆனால் இரண்டு கூட்டங்கள் நடந்தும் டோக்கன் விஷயம் யார் கண்ணிலும் படவில்லையே, அதுதான் என்னை உறுத்தியது. 'நடவடிக்கையில் உள்ளது' என்ற வரியே அதை மறைத்துவிட்டது. இன்னும் எது பாக்கி என்று அந்த வரி கேட்பதேயில்லை.

அந்த முதல் கூட்டத்தின் மினிட்ஸ் இப்படி இருந்திருக்க வேண்டும்:

"AOC-4. சட்டக் கெடு அக்டோபர் 30, எங்கள் உள் கெடு அக்டோபர் 20. பொறுப்பு கணக்கு மேலாளர், அவர் விடுப்பில் இருந்தால் உதவிக் கணக்காளர். முடிந்தவை: தணிக்கை அறிக்கையில் கையொப்பம். பாக்கி: இயக்குநரின் டோக்கன் செப்டம்பரில் காலாவதி, அக்டோபர் 10-க்குள் புதுப்பிக்க நிர்வாக மேலாளர் பொறுப்பு. ஆதாரம்: இன்னும் இல்லை."

மினிட்ஸில் பதவியோடு ஆளின் பெயரையும் எழுதுங்கள். 'கணக்குப் பிரிவு' என்று எழுதினால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

கடைசியில் வரும் 'ஆதாரம்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜி.எஸ்.டி. தாக்கலானால் ARN எண் வரும். அதை மினிட்ஸில் எழுதிவிட்டு, அந்த ரசீதைக் கோப்பில் வைத்தால் போதும். ஆனால் பி.எஃப்.-இல் மாதாந்திரப் பட்டியலை ஏற்றிச் சலான் உருவாக்கியதுமே TRRN எண் வந்துவிடுகிறது, பணம் அதற்குப் பிறகுதான் கட்ட வேண்டும். TRRN கிடைத்ததை வைத்து 'முடிந்தது' என்று எழுதிவிட்டு, வங்கியில் பணம் திரும்பியதை அடுத்த வாரம் கண்டுபிடித்தவர்கள் உண்டு. அதற்குள் 15-ஆம் தேதி போய்விடும், வட்டியும் தாமத அபராதமும் தொடங்கிவிடும். கம்பெனிகள் அமைச்சகத்தின் SRN எண்ணும் அப்படித்தான், கட்டணம் செலுத்தும் முன்பே வந்துவிடும். ஆகவே எண்ணோடு பணம் போன தேதியும் இருந்தால் மட்டும் 'முடிந்தது' எழுதுங்கள்.

எங்கள் தாக்கல் எல்லாவற்றையும் குன்னூரில் உள்ள ஆடிட்டர் அலுவலகம்தான் செய்கிறது. பொறுப்பு அலுவலர் என்று ஆடிட்டரின் பெயரை எழுதலாமா? – கட்டபெட்டு

எழுத வேண்டாம். ஆடிட்டர் அலுவலகம் உங்கள் சார்பில் படிவத்தை ஏற்றுகிறது. நோட்டீஸ் வந்தால் அது கம்பெனிக்கும் இயக்குநர்களுக்கும்தான் வரும். கம்பெனிச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி இயக்குநர்கள் ஆண்டுதோறும் ஓர் உறுதி தருகிறார்கள்: எல்லாச் சட்டங்களையும் பின்பற்றத் தகுந்த ஏற்பாடு செய்திருக்கிறோம், அது போதுமானது, ஒழுங்காக நடக்கிறது என்று. அந்த உறுதிக்குக் கையில் இருக்கும் சான்று உங்கள் கமிட்டி மினிட்ஸ்தான். அதில் வெளியாள் பெயர் மட்டும் இருந்தால் ஏற்பாடே வெளியில் இருப்பதாக ஆகிவிடும்.

'பொறுப்பு' என்ற இடத்தில் உங்கள் ஊழியர் பெயர், 'தாக்கல் செய்பவர்' என்ற இடத்தில் ஆடிட்டர் அலுவலகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊழியரின் வேலை இரண்டு: ஆவணங்களை எந்தத் தேதியில் அனுப்பினோம் என்று குறித்து வைப்பது, தாக்கலான ரசீதை வாங்கிக் கோப்பில் சேர்ப்பது. ஆவணம் அனுப்பிய தேதி மினிட்ஸில் இருந்தால் தாமதம் யார் பக்கம் என்ற சண்டையே வராது. செப்டம்பர், அக்டோபரில் ஆடிட்டர் அலுவலகங்களில் மூச்சுவிட நேரமிருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மஞ்சூர் பக்கம் கரண்டும் நெட்டும் இரண்டு நாள்கூட இல்லாமல் போகிறது. கடைசித் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் திங்கள்கிழமை தாக்கல் செய்யலாம் என்று சொல்கிறார்களே? – மஞ்சூர்

அந்தப் பேச்சுக்கு மூலம் 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், 10-ஆம் பிரிவு. ஓர் அலுவலகத்தில் செய்ய வேண்டிய காரியத்தின் கடைசி நாளில் அந்த அலுவலகம் மூடியிருந்தால், அடுத்து திறக்கும் நாளில் செய்யலாம் என்கிறது. நேரில் கொடுக்கும் மனுக்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். இணையத் தளம் ஞாயிறும் திறந்தே இருக்கிறது. நாள்கணக்கில் தாமதக் கட்டணத்தை அந்தத் தளமே போட்டுவிடும். பிறகு பிரிவு எண் சொல்லி வாதாடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சலுகையை நம்பித் தேதி வைக்க வேண்டாம்.

மலையில் இருப்பவர்களுக்கு உள் கெடு என்பது கட்டாயம். வருடம் முழுக்க மூன்று வேலை நாள் முன்னதாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஐந்து நாள் முன்னதாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். 7-இல் டி.டி.எஸ்., 11-இல் GSTR-1, 15-இல் பி.எஃப். மற்றும் இ.எஸ்.ஐ., 20-இல் GSTR-3B என்று மாதத்தின் முதல் இருபது நாளில்தான் நெருக்கம். ஆகவே கூட்டத்தை முந்தைய மாதம் 25 வாக்கில் வையுங்கள். 10-ஆம் தேதி கூடினால் பாதிக் கெடு முடிந்த பிறகு கூடுகிறீர்கள் என்று அர்த்தம்.

நெட் போனால் யார் மேட்டுப்பாளையத்துக்கோ ஊட்டிக்கோ போய்த் தாக்கல் செய்வது, கையொப்ப டோக்கன் யாரிடம் இருக்கும் என்பதையும் செப்டம்பர் கூட்டத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்த பிறகு இதைப் பேசிப் பயனில்லை.

இன்னொன்று. சில ஆண்டுகளில் அரசே கெடுவை நீட்டிக்கிறது. அப்போது பழைய தேதியை அடித்துவிட்டுப் புதிய தேதியை மட்டும் எழுதாதீர்கள். மூலக் கெடு, சுற்றறிக்கை எண், புதிய கெடு மூன்றும் இருக்கட்டும். இரண்டு வருடம் கழித்துப் படிப்பவருக்கு நீட்டிப்பு இருந்தது எப்படித் தெரியும்?

போன மாத மினிட்ஸில் ஒரு கெடு தேதியைத் தவறாக எழுதிவிட்டோம். தலைவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். திருத்தி மறுபடி அச்செடுக்கலாமா? – கூடலூர்

கூடாது. கையெழுத்தான மினிட்ஸைத் தொடாதீர்கள். அடுத்த கூட்டத்தில், 'இன்ன தேதி மினிட்ஸில், இன்ன பொருளில் கெடு தவறாகப் பதிவானது. சரியான தேதி இது' என்று தனிப் பொருளாகப் பதியுங்கள். உங்கள் கமிட்டி இயக்குநர் குழுவால் அமைக்கப்பட்ட கமிட்டி என்றால் கம்பெனிச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அப்படியே பொருந்தும்: கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் பதிய வேண்டும், பக்கங்களுக்குத் தொடர் எண் வேண்டும், மினிட்ஸைத் திரித்தால் சிறைத் தண்டனை வரை உண்டு. மேலாளர்கள் மட்டும் கூடும் அலுவலகக் கமிட்டிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் அதே ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

வருடத் தாக்கல்கள், மாதத் தாக்கல்கள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் எங்கேயோ ஏதோ விட்டுப்போகிறது. தேயிலைத் தொழிற்சாலைக்கு வழக்கமாக எது விடுபடும்? – குன்னூர்

நான் பார்த்தவரை இரண்டு வகை.

ஒன்று, கணக்குப் பிரிவின் கைக்கு வராதவை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆண்டறிக்கை D1 படிவம், மே 31. ஜெனரேட்டரின் பழைய எண்ணெய் போன்ற அபாயக் கழிவுகளுக்கான ஆண்டறிக்கை, படிவம் 4, ஜூன் 30. தராசு முத்திரை. மின்னணுத் தராசுகளுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வேண்டும். பலர் மினிட்ஸில் 'தராசு முத்திரை – முடிந்தது' என்று ஒரே வரி எழுதுகிறார்கள். தொழிற்சாலைத் தராசுக்கு முடிந்திருக்கும். இலை எடுக்கும் மையங்களில் இருக்கும் தராசுகள் வெவ்வேறு மாதம் வாங்கியவை, ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி. விவசாயி இலையை நிறுப்பது அந்தத் தராசில்தானே? ஒவ்வொரு தராசுக்கும் அதன் எண்ணோடு தனி வரி கொடுத்து, லீஃப் ஆபீசர் பெயரைப் பொறுப்பில் போடுங்கள்.

இரண்டாவது வகை, நாட்காட்டியில் தேதியே இல்லாதவை. ஏதாவது நடந்தால்தான் கெடு ஓடத் தொடங்கும். இயக்குநர் மாறினால் DIR-12 படிவத்துக்கு 30 நாள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தணிக்கையாளரை நியமித்தால் ADT-1 படிவத்துக்கு 15 நாள். நம் ஊருக்கே உரியது பசுந்தேயிலை விலை: தேயிலை வாரியம் மாதந்தோறும் சராசரி விலையை அறிவித்ததும், நீங்கள் கொடுத்த விலை அதற்குக் குறையவில்லை என்று சரிபார்த்து, குறைந்திருந்தால் விவசாயிகளுக்கு மீதியைக் கொடுத்தாக வேண்டும். இவற்றுக்குத் தேதிப் பட்டியல் உதவாது. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக, 'சென்ற கூட்டத்துக்குப் பின் இயக்குநர், முகவரி, கடன், இயந்திரம் இவற்றில் மாற்றம் உண்டா? வாரியம் விலை அறிவித்ததா?' என்று தலைவர் கேட்கட்டும். இல்லை என்றாலும் 'இல்லை' என்று மினிட்ஸில் எழுதுங்கள். கேட்டதற்கான பதிவு அந்த ஒரு சொல்தான்.