எஸ்கிமோவை அழித்துவிட்டு இனுவிட் என்று போட்டால் போதுமா?

கேள்வி: 1950களில் வந்த ஆங்கிலச் சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்றைத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். கிரீன்லாந்து, கனடாவின் பாஃபின் தீவு, அலாஸ்காவின் குஸ்கோக்விம் ஆற்றங்கரை என்று மூன்று இடங்களில் நடக்கும் கதைகள். மூன்றிலும் 'எஸ்கிமோ' என்றே வருகிறது. அது இழிவான சொல், கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் 'இனுவிட்' என்று மாற்றிவிடுங்கள் என்கிறார் பதிப்பாளர். செய்யலாமா? தங்களுக்கென்று ஒரு பெயர் வைத்திருப்பவர்களை உலகம் ஏன் வேறு பெயரில் கூப்பிட்டது?

பதில்: முதல் இரண்டு கதைகளில் மாற்றலாம். மூன்றாவதில் மாற்றாதீர்கள். குஸ்கோக்விம் கரையில் வாழ்பவர்கள் யூபிக் மக்கள். அவர்கள் மொழியில் 'இனுவிட்' என்ற சொல்லே கிடையாது. பதிப்பாளர் சொன்னபடி செய்தால், பிறர் வைத்த பெயரை எடுத்துவிட்டு, இன்னொரு பிறருடைய பெயரை வைத்ததாக ஆகும்.

இது ஏன் என்று புரிய, எஸ்கிமோ என்ற பெயர் எந்த மூலையில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். கனடாவின் கிழக்குக் கரையில், லாப்ரடோரை ஒட்டிய கடலுக்கு மீனும் திமிங்கிலமும் தேடிப் பிரெஞ்சுக்காரர்களும், ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்குகளும் வந்தார்கள். அங்கே அவர்கள் பழகிய மக்களில் முக்கியமானவர்கள் இன்னு. (இந்த இன்னுவை இனுவிட்டோடு குழப்பிவிடாதீர்கள். காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் தொடர்பே இல்லாத மொழிக் குடும்பங்கள்.) தங்களுக்கு வடக்கே இருந்தவர்களை இன்னு மக்கள் எந்தச் சொல்லால் குறித்தார்களோ, அது வந்தவர்கள் காதில் விழுந்து, பிரெஞ்சு எழுத்தில் உருமாறி, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, எஸ்கிமோ என்பது வெள்ளைக்காரன் யோசித்து வைத்த பெயரில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்ட பெயர்.

புதிதாக வருகிறவர் ஒரு கூட்டத்தாரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டுவிடுகிறார். பெயரும் அப்போதே ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அந்தப் பெயர் வளரத் தொடங்குகிறது. லாப்ரடோர் கரையில் ஒரு கூட்டத்தைச் சுட்டிய சொல்லை எடுத்துக்கொண்டு ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கே அலாஸ்கா வரைக்கும், பெரிங் கடலைத் தாண்டி ரஷ்யாவின் முனை வரைக்கும் போயின. தோல் உடுப்பு, கயாக் படகு, சீல் வேட்டை என்று பார்வைக்கு ஒத்துப்போன எல்லாருக்கும் அதே பெயர்.

நமக்கே இதில் அனுபவம் உண்டு. தெலுங்கர் நம் மொழியை 'அரவம்' என்பார்கள். தெலுங்கு நாட்டை ஒட்டியிருந்த அருவாநாட்டின் பெயரிலிருந்து அது வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். எல்லையில் முதலில் எதிர்ப்பட்டவர்களின் பெயர், கன்னியாகுமரி வரைக்கும் உள்ள எல்லாருக்கும் ஆகிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்கும் தமிழருக்குப் பாம்பும் இரைச்சலும்தான் நினைவுக்கு வருகின்றன, நாடு வருவதில்லை.

எஸ்கிமோவுக்கும் அப்படியொரு பொருள் ஒட்டிக்கொண்டது. 'பச்சை இறைச்சி தின்பவர்' என்று பல புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். உங்கள் மூல நூலின் முன்னுரையிலும் இருக்க வாய்ப்புண்டு. மொழியியலாளர்கள் இப்போது இதை ஏற்பதில்லை. 'பனிச்செருப்பு பின்னுபவர்' என்ற பொருள்தான் இன்னு மொழிச் சொல்லுக்குப் பொருந்துகிறது என்று அமெரிக்க மொழியியலாளர் ஐவ்ஸ் கோடார்ட் காட்டினார். கியூபெக்கைச் சேர்ந்த மானிடவியலாளர் ஜோசே மையோ 1978இல் 'வேற்று மொழி பேசுபவர்' என்ற விளக்கத்தை முன்வைத்தார். இரண்டிலும் வசவு இல்லை. அப்படியானால் அந்தச் சொல்லைத் தாராளமாகப் புழங்கலாமா என்றால், அதுவும் இல்லை. ஒரு சொல் புண்படுத்துவது அதன் வேரால் அல்ல, அதை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதால். கனடாவிலும் கிரீன்லாந்திலும் தலைமுறை தலைமுறையாக ஏளனத்தோடு கேட்ட சொல் அது. முன்னுரையில் 'பச்சை இறைச்சி' வரி இருந்தால், அதை மட்டும் ஓர் அடிக்குறிப்புப் போட்டுத் திருத்துங்கள்.

இதில் இனுவிட் மக்கள் மட்டும் சளைத்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். தெற்கே இருந்த காட்டுவாசி அண்டையாரை அவர்கள் 'இத்கிலிட்' என்றார்கள். தலையில் ஈரு உள்ளவர்கள் என்று பொருள். நம்மூர் வசவே போல இருக்கிறது.

சரி, அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயருக்கு வருவோம். இனுவிட் என்றால் 'மனிதர்கள்', அவ்வளவுதான். யூபிக் என்பதில் 'யுக்' என்றால் மனிதர், 'பிக்' என்றால் மெய்யான; ஆக 'மெய்யான மனிதர்'. எஸ்கிமோ என்று பெயர் சொன்னார்களே அந்த இன்னு, அந்தச் சொல்லுக்கும் மனிதர் என்றே பொருள். உலகத்தில் பல இனங்களின் சொந்தப் பெயர் இப்படித்தான் இருக்கிறது. இது தற்பெருமை என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தனிப் பெயர் எதற்கு? 'நம்ம ஆட்கள்' என்றால் முடிந்தது. பெயரால் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை வெளியே நிற்பவருக்குத்தான் முதலில் வருகிறது.

உங்கள் சிக்கலுக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. சொந்தப் பெயர் 'மனிதர்' என்ற சாதாரணச் சொல்லாக இருக்கும்போது, மொழி மாறுகிற இடத்தில் பெயரும் மாறிவிடும். மனிதனை 'இனுக்' என்று சொல்லும் மொழிகள் கிரீன்லாந்திலிருந்து வட அலாஸ்கா வரை இருக்கின்றன. அலாஸ்காவின் மேற்குக் கரையில், ஏறக்குறைய நார்ட்டன் விரிகுடாவுக்குத் தெற்கே, 'யுக்' என்ற சொல் தொடங்குகிறது. வெளியார் வைத்த பெயர் அந்தக் கோட்டைக் கவனிக்காமல் இரு பக்கமும் படுத்துக்கிடக்கிறது. உள்ளே இருப்பவர்களின் பெயர் அந்தக் கோட்டில் நின்றுவிடுகிறது. ஒரு பெரிய பெயரை எடுத்துவிட்டால், அதே அளவுள்ள இன்னொரு பெயர் அதனடியில் தயாராக இருக்காது. பல சின்னப் பெயர்கள்தான் இருக்கும்.

பதிப்பாளர் ஒன்றைச் சொல்லி மடக்கலாம்: 1977இல் அலாஸ்காவின் பாரோ நகரில் கூடிய துருவவட்ட இனுவிட் மாநாடு, எல்லாருக்கும் பொதுவாக 'இனுவிட்' என்ற பெயரைத்தானே எடுத்துக்கொண்டது என்று. உண்மைதான். அந்த அமைப்பு தன் சாசனத்தில் யூபிக் மக்களையும் அந்தப் பெயருக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் அது நான்கு நாடுகளில் உள்ளவர்கள் ஒன்றாக நின்று பேச எடுத்த அரசியல் பெயர். குஸ்கோக்விம் கரையில் மீன் உலர்த்தும் பாட்டியின் கதையில் அது பொருந்தாது. அலாஸ்காவில் வயதானவர்கள் சிலர் இன்றும் தங்களை எஸ்கிமோ என்றே சொல்லிக்கொள்வதற்கும் இதுதான் காரணம். வட அலாஸ்காவில் வாழும் இனுவிட்டான இனுபியாட்டையும், யூபிக்கையும் சேர்த்துச் சொல்ல அவர்களுக்கு வேறு பழகிய சொல் இல்லை. அமெரிக்க அரசு 2016இல் சில சட்டங்களிலிருந்து எஸ்கிமோவை நீக்கியபோதும் இனுவிட் என்று போடவில்லை; 'அலாஸ்காவின் பூர்வகுடிகள்' என்ற பொருளில்தான் மாற்றியது. கனடாவில் நிலைமை வேறு, 1982இன் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இனுவிட் என்ற பெயர் இருக்கிறது.

இனி உங்கள் மூன்று கதைகள்.

பாஃபின் தீவுக் கதை எளிது. இனுவிட் என்று போடலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இனுவிட் என்பதே பன்மை. ஒருவரைச் சொல்லும்போது இனுக். ஆகவே 'ஓர் எஸ்கிமோ சிறுவன்' என்பது 'ஓர் இனுக் சிறுவன்' ஆகும். 'ஓர் இனுவிட் சிறுவன்' என்பது 'ஒரு மனிதர்கள் சிறுவன்' என்பது போல. 'இனுவிட்டுகள்' என்பதும் வேண்டாம். 'இனுவிட் மக்கள்' என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு இயல்பாக இருக்கும்.

கிரீன்லாந்துக் கதையில் இனுவிட் தவறாகாது. ஆனால் மேற்குக் கரையில் நடக்கும் கதை என்றால் அங்கே அவர்கள் சொல்வது 'கலாலிட்'. ஒருவர் என்றால் 'கலாலெக்'. கிழக்கிலும் வடகோடியிலும் வேறு பெயர்கள் உண்டு. ஊர் எது என்று கதையில் தெரியாவிட்டால் 'கிரீன்லாந்து இனுவிட்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கலாலிட் என்ற சொல்லே, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த பழைய நார்ஸ் குடியேறிகள் அவர்களை ஏளனமாக அழைத்த 'ஸ்க்ரேலிங்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் பிறர் வைத்த பெயர் நாள்பட்டுச் சொந்தப் பெயராகிவிட்டது. அதற்காக நாம் போய் அவர்களைத் திருத்த முடியாது. இன்று அவர்கள் எந்தப் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்களோ அதுதான் அவர்கள் பெயர்.

குஸ்கோக்விம் கதையில் யூபிக். இங்கே பெயரோடு கூடவே பொருள்களையும் சரிபாருங்கள். பழைய சிறுவர் நூல்களில் எஸ்கிமோ என்றாலே பனிக்கட்டி வீட்டின் படம் வரைந்துவிடுவார்கள். யூபிக் மக்கள் கட்டியது மரச்சட்டத்தின் மேல் புல்மண் போர்த்திய வீடு. ஊருக்கு நடுவே ஆண்கள் கூடித் தங்குகிற, வேலை செய்கிற 'கஸ்கிக்' என்ற பெரிய கூடமும் உண்டு. கதை எழுதியவர் ஊரைப் பார்க்காமல் எழுதியிருந்தால் அது இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

எல்லாம் மாற்றிய பிறகும் எஸ்கிமோ என்ற சொல் சில இடங்களில் நிற்கத்தான் வேண்டும். கதையில் வரும் வெள்ளைக்கார வியாபாரி அந்தச் சிறுவனை 'ஏ எஸ்கிமோ!' என்று கூப்பிட்டால், அதை 'ஏ இனுக்!' என்று மாற்றாதீர்கள். அந்த ஆள் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான், கேட்டவனுக்கு அது எப்படி இருந்தது என்பது கதையின் பகுதி. மூல நூலின் தலைப்பில் அந்தச் சொல் இருந்தால், உரிமைப் பக்கத்தில் அதை அப்படியே தமிழ் எழுத்தில் கொடுத்துவிட்டு, அட்டைக்கு வேறு தலைப்பு வையுங்கள். முன்னுரையில் இரண்டு வரி போதும்: மூலத்தில் எஸ்கிமோ என்று இருந்ததை, கதை நடக்கும் இடத்தைப் பொறுத்து இனுவிட், கலாலிட், யூபிக் என்று மாற்றியிருக்கிறோம், உரையாடலில் மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். பதிப்பாளர் ஒரே தட்டில் மாற்றியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மூன்று கதைகளையும் மூன்று கோப்புகளாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், தட்டுகிறவர் மூன்று முறை தட்டட்டும்.