சந்தேக மெயிலை சப்போர்ட் குழுவுக்கு எப்படி அனுப்புவது?

"கடவுச்சொல் இன்றோடு காலாவதியாகிறது என்று ஒரு மெயில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து சப்போர்ட்டுக்கு அனுப்பினால் போதுமா?"

போதாது. எந்த சர்வரிலிருந்து கிளம்பியது என்ற விவரம் மெயிலோடு மறைவாக வரும் ஹெடரில்தான் இருக்கும். படத்தில் அது வராது. சாதாரணமாக ஃபார்வர்டு செய்தாலும் கழன்றுவிடும். அதனால் `Forward as attachment` கொடுத்து `.eml` கோப்பாக அனுப்புங்கள். அசல் மெயிலை அழிக்காதீர்கள்.

கூடவே, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். "10:42க்கு ஆபீஸ் லேப்டாப்பில் லிங்கைத் தட்டினேன், கடவுச்சொல்லும் போட்டேன், 10:50க்குத்தான் சந்தேகம் வந்தது." இந்த ஒரு வரி கிடைத்தால் சப்போர்ட் குழு உங்கள் கணக்கில் திறந்திருக்கும் லாகின்களைத் துண்டித்துவிட்டு, 10:42க்குப் பிறகு யார் நுழைந்தார்கள் என்று நேராகத் தேடலாம். கடவுச்சொல்லை மட்டும் எழுத வேண்டாம்.

லிங்க்கில் கடவுச்சொல் போட்டுவிட்டிருந்தால் முதலில் போன் செய்யுங்கள். மெயில் பிறகு போகட்டும்.