சர்வேயர் ஒத்துக்கொண்டதுதான் வரவேண்டிய தொகை

மளிகை மொத்த வியாபாரி, வேலூர் மண்டி வீதி: அக்கா, பிப்ரவரியில் எங்கள் லோடு வண்டி பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி, முன்னால் போன லாரியில் மோதிவிட்டது. ரிப்பேர் பில் ஜி.எஸ்.டி.யோடு 1,53,400. பாலிசியில் எக்ஸஸ், அதாவது நாமே போட்டுக்கொள்ள வேண்டிய பங்கு, 1,000 என்று இருந்தது. அதைக் கழித்து 1,52,400 இன்சூரன்ஸில் வரவேண்டியது என்று எழுதினேன். ஏப்ரலில் 1,06,000தான் வந்தது. மீதி 46,400 டெபிட்டில் அப்படியே நிற்கிறது. கம்பெனிமேல் புகார் கொடுக்கலாமா?

நீங்கள் அனுப்பிய பில்லையும், கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அசெஸ்மென்ட் ஷீட்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தேன். அந்த 46,400இல் பெரும்பகுதி கம்பெனி உங்களுக்குத் தரவேண்டிய பணமே இல்லை. பில்லில் எக்ஸஸை மட்டும் கழித்ததால் வந்த சிக்கல் இது.

வரி நீங்கலாக உங்கள் பில் 1,30,000. இரும்பு, உலோக பாகங்கள் 80,000. கிரில், ஹோஸ் மாதிரி பிளாஸ்டிக், ரப்பர் சாமான் 12,000. முன்கண்ணாடி 8,000. டிங்கரிங், ஃபிட்டிங் கூலி 30,000. வண்டிக்கு இரண்டு வயது முடிந்து மூன்றாவது நடக்கிறது. அந்த வயதுக்கு உலோக பாகங்களில் 15 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், அதில் 12,000 போய்விட்டது. பிளாஸ்டிக்கும் ரப்பரும் புது வண்டியாக இருந்தாலும் பாதிதான், அதில் 6,000. கண்ணாடியில் பிடித்தம் கிடையாது. கூலியில் சர்வேயர் 27,000தான் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆக 1,09,000 நின்றது. கழற்றிப் போட்ட பழைய சாமானுக்கு 2,000, பாலிசி எக்ஸஸ் 1,000 என்று கழித்து, கைக்கு வந்தது 1,06,000.

வரி 23,400ஐ ஏன் தரவில்லை என்றால், நீங்கள் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவர், சரக்கு ஏற்றும் வண்டியின் ரிப்பேருக்கு உள்ளீட்டு வரவு எடுக்க முடியும். அரசிடம் திரும்ப எடுக்கும் வரியைக் கம்பெனியும் தராது. பில் உங்கள் பெயரிலும் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணிலும்தான் இருக்கிறது, அதனால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 46,400ஐத் தீர்க்கலாம். 23,400ஐ ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவுக்கு மாற்றுங்கள். மீதி 23,000 வண்டி ரிப்பேர் செலவு. நீங்கள் ஏற்கெனவே எழுதிய எக்ஸஸ் 1,000ஐயும் சேர்த்தால், இந்த விபத்தில் உங்கள் கையைக் கடித்தது 24,000. பழைய சாமான் உங்களிடமே இருந்தால், அதை விற்ற பணம் இந்த 24,000ஐக் குறைக்கும். விற்கும்போது அதற்கு வரியோடு பில் போடுங்கள்.

பி.காம். மாணவி, காட்பாடி: மேடம், சர்வேயர் பிடித்த 15 சதவீதமும் வருமான வரிக் கணக்கில் வண்டிக்குப் போடும் 15 சதவீத தேய்மானமும் ஒன்றுதானே? அப்படியானால் அந்த 12,000ஐ தேய்மானக் கணக்கிலேயே சேர்த்துவிடலாமே?

இரண்டும் 15 ஆக நிற்பது தற்செயல்தான். சொந்த வியாபாரத்துக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு வருமான வரியில் 15, வாடகைக்கு ஓடினால் 30. அது வண்டி முழுவதின் மதிப்பின்மேல், வருடா வருடம் போடுவது. சர்வேயர் பிடிப்பது மாற்றிய உதிரிபாகத்தின் விலையில் மட்டும். பழைய கதவு போய் புதுக் கதவு வந்திருக்கிறது, அந்த வித்தியாசத்தை நீ போட்டுக்கொள் என்கிறார். அவருடைய சதவீதமும் வண்டியின் வயதோடு ஏறும். ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, முதல் வருடம் முடியும்வரை 5, பிறகு 10, 15, 25, 35 என்று போய், பத்து வயதைத் தாண்டினால் 50.

நம் புத்தகத்தில் அந்த 12,000 ரிப்பேர் செலவுதான். தேய்மானக் கணக்கில் போட்டால் வண்டியின் மதிப்பு தேவையில்லாமல் இறங்கும்.

கணக்கர், ஆம்பூர் தோல் கம்பெனி: நாங்கள் ரிப்பேரை முழுசாகச் செலவில் எழுதிவிட்டு, கிளைம் வந்ததும் பிற வருமானத்தில் காட்டுவோம். லாபம் ஒன்றுதானே? பிறகு எதற்கு வரவேண்டியது என்று தனி லெட்ஜர்?

இரண்டும் ஒரே வருடத்தில் விழுந்தால் லாபம் ஒன்றுதான், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மார்ச்சில் பில், மே மாதம் கிளைம் என்று வந்தால் ஒரு வருடத்தில் 1,30,000 செலவும் அடுத்த வருடத்தில் 1,06,000 வருமானமும் நிற்கும். இரண்டு வருட லாபமும் உண்மைக்குப் புறம்பாகிவிடும். பிற வருமானம் எங்கிருந்து வந்தது என்று பாங்கிலோ வரி ஆபீஸிலோ கேட்டால், சம்பாதிக்காத பணத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் எழுதுவது இப்படி. பில் வந்ததும் ரிப்பேர் செலவு டெபிட், வரி வரவு டெபிட், ஷெட்டுக்குக் கொடுக்கவேண்டியது கிரெடிட். அசெஸ்மென்ட் ஒப்புக்கொள்ளப்பட்டதும் கிளைம் வரவேண்டியது டெபிட், அதே ரிப்பேர் செலவு கிரெடிட். டாலியில் இந்த லெட்ஜரை நடப்புச் சொத்துக்கடியில் வைத்து, பெயரோடு வண்டி நம்பரையும் போடுங்கள். இரண்டு வண்டி கிளைம் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும்.

லாரி ஓனர், ராணிப்பேட்டை: என் கேஸில் பம்பர், ஹெட்லைட், டயர் எதற்குமே பைசா தரவில்லை. இதுவும் தேய்மானம்தானா? இன்னொன்று, நான் வருமான வரியில் வண்டிக்கு இவ்வளவு லாபம் என்று கணக்கு காட்டும் திட்டத்தில் இருக்கிறேன். கைக்காசு போனதை அதில் கழிக்கலாமா?

இல்லை அண்ணா, அது தேய்மானம் இல்லை. சரக்கு வண்டிப் பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் இதெல்லாம் சாதாரணமாகச் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டி ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கையை வாங்கியிருந்தால்தான் அவற்றைப் பார்ப்பார்கள். பாலிசி ஷெட்யூலில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தொகை முழுக்க உங்கள் செலவு. அதை வரவேண்டியதில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். எண் இருந்தும் தரவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவதற்குப் பதில், கழிக்க முடியாது. அந்தத் திட்டத்தில் 12 டன் வரைக்குமான வண்டிக்கு மாதம் 7,500, அதற்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு மாதம் டன்னுக்கு 1,000 என்று லாபத்தை வைத்துக்கொள்கிறார்கள். ரிப்பேர், டீசல், எல்லாம் அதற்குள் கழிந்துவிட்டதாகத்தான் பொருள். வண்டி ஷெட்டில் நின்ற மாதத்துக்கும் அந்தத் தொகை உண்டு, ஏனென்றால் ஓடியதா என்று பார்ப்பதில்லை, உங்கள் பெயரில் இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். இது எனக்கே மனசுக்கு ஒப்பாத விஷயம், இரண்டு மாதம் வண்டி நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் உங்களுக்குச் சாதகம். உள்ளீட்டு வரவு எடுக்க முடியாதவர் என்றால் பாகங்களின் வரியையும் அசெஸ்மென்ட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

தீப்பெட்டி வியாபாரி, குடியாத்தம்: எனக்கும் இதேதான் நடந்தது. வண்டி கவிழ்ந்து நாற்பது பண்டல் நனைந்துபோச்சு. வண்டி கிளைமோடு அதையும் சேர்த்து எழுதினேன், சர்வேயர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் பார்க்கவேண்டிய பொருள் இல்லை அது. வண்டிப் பாலிசி வண்டிக்கு மட்டும்தான். சரக்குக்கு டிரான்சிட் பாலிசி தனியாக எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பண்டல்களின் கொள்முதல் விலை நஷ்டத்தில் போகும். அவற்றுக்கு எடுத்த ஜி.எஸ்.டி. வரவையும் திருப்ப வேண்டும், அழிந்த சரக்குக்கு வரவு கிடையாது.

மளிகை மொத்த வியாபாரி, மண்டி வீதி: அக்கா, திரும்பவும் நான்தான். என் தம்பி வண்டிக்கு கேஷ்லெஸ் போட்டிருக்கிறார்கள். பாங்கில் எதுவுமே வராதே, அப்போது எப்படி எழுதுவது?

கம்பெனி நேராக ஷெட்டுக்குக் கட்டிவிடும். பில் முழுக்க உங்கள் தம்பி பெயரில் வந்தால், ஷெட் கணக்கு டெபிட், கிளைம் வரவேண்டியது கிரெடிட். உங்கள் கணக்கையே வைத்துப் பார்த்தால் 1,06,000க்கு அந்த என்ட்ரி, மீதி 47,400ஐ நீங்கள் ஷெட்டுக்குக் கட்டுவீர்கள். அந்த 47,400இல் 23,400 வரி திரும்ப வரும்.

ஷெட் இரண்டு பில்லாகவும் போடலாம். ஒத்துக்கொண்ட தொகைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பெயரில் ஒன்று, மிச்சத்துக்கு உங்கள் பெயரில் ஒன்று. 2024 ஜூனில் வந்த ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை அந்த முறையில் கம்பெனி தன் பில்லுக்கு வரவு எடுக்கலாம் என்று சொல்கிறது. அப்போது உங்கள் பில் மட்டும்தான் உங்கள் புத்தகத்துக்குள் வரும். கம்பெனி பெயரிலுள்ள பில்லுக்கு நீங்களும் வரவு எடுத்துவிடாதீர்கள்.

கணக்கர், ஆம்பூர் தோல் கம்பெனி: மார்ச் 31இல் அசெஸ்மென்ட் வரவில்லை, வண்டி மட்டும் ரெடி. எவ்வளவு வரவேண்டியதில் வைப்பது? எங்கள் ஆடிட்டர் ஒன்றுமே வைக்கக்கூடாது என்கிறார்.

வரும் என்பது கிட்டத்தட்ட நிச்சயமானால்தான் வைக்கலாம், ஆடிட்டர் அதைத்தான் பிடிக்கிறார். கணக்கு முடிப்பதற்குள், ஏப்ரலிலோ மே மாதத்திலோ கம்பெனி தொகையை ஒத்துக்கொண்டு எழுதிவிட்டால் அந்தத் தொகையை மார்ச் 31க்கே எடுத்துக்கொள்வேன். சர்வேயர் ஷீட் கைக்கு வந்து, கம்பெனி இன்னும் டிரைவர் லைசென்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றால் ஆளுக்கு ஆள் மாறும். நான் வைக்கமாட்டேன், செலவை முழுசாக எழுதிவிட்டு அடுத்த வருடம் வந்ததும் குறைப்பேன். ஷீட்டே போதும் என்று சொல்லும் ஆடிட்டரையும் தெரியும், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மளிகை மொத்த வியாபாரி, மண்டி வீதி: கூலியில் வெட்டிய 3,000ஐ மட்டுமாவது கேட்டு வாங்க முடியாதா?

கேட்டுப் பாருங்கள். ஷெட் முதலில் கொடுத்த எஸ்டிமேட்டில் கூலி எவ்வளவு இருந்தது என்று எடுத்துப் பாருங்கள். அதில் 30,000 இருந்து சர்வேயர் அன்றைக்குக் கேள்வி கேட்காமல் விட்டிருந்தால், ஏன் வெட்டினீர்கள் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு இடமுண்டு. எஸ்டிமேட்டில் 27,000 இருந்து, பில்லில்தான் ஏறியிருந்தால் ஷெட்காரரிடம்தான் பேச வேண்டும்.

சத்துவாச்சாரியில் ஒரு ஷெட்டில் நான் பார்த்தது இது. சர்வேயர் இரண்டாம் தடவை வந்தபோது, நசுங்கிய ரேடியேட்டரும் கேபின் தகரமும் கோணிச் சாக்கின்மேல் வரிசையாக இருந்தன. பில்லின் ஒவ்வொரு வரிக்கும் பழைய சாமான் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கதவுக் கீல் மட்டும் இல்லை, காயலான் கடைக்குப் போய்விட்டதாம். அந்த வரி பில்லில் அடிபட்டது. உங்கள் ஷீட்டில் பாகம் எதுவும் அப்படி விடுபடவில்லை, சண்டை கூலியில் மட்டும்தான்.

அந்த 3,000க்குக் கம்பெனி சரி என்று எழுதித் தரும்வரை அது செலவிலேயே இருக்கட்டும். வந்தால் வந்த அன்றைக்கு ரிப்பேர் செலவில் கிரெடிட் செய்துகொள்ளலாம்.