97 ரூபாய் பத்திரத்துக்கு 7.73% யீல்டு வருவது எப்படி?

கேள்வி: 7% வட்டி தரும் மத்திய அரசு கடன் பத்திரம், இன்னும் சரியாக 5 வருடம் இருக்கிறது, விலை 97 ரூபாய். 7-ஐ 97-ஆல் வகுத்தால் 7.22% தான் வருகிறது. திரையில் ஒய்டிஎம், அதாவது முதிர்வு வரை வைத்திருந்தால் வரும் யீல்டு, 7.73% என்று காட்டுகிறது. இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? விலை இறங்கினால் யீல்டு ஏன் ஏறுகிறது?

பதில்:

7.22% என்பது நடப்பு யீல்டு மட்டும்தான். இன்று 97 கொடுத்து வாங்கியவருக்கு முதிர்வு நாளில் 100 கிடைக்கும். அந்த 3 ரூபாய் லாபம் அதில் சேரவில்லை. 3-ஐ 5 வருடத்துக்குப் பங்கிட்டு, வருடத்துக்கு 0.60 என்று 7.22-உடன் கூட்டினால் 7.82 வருகிறது. இது உண்மையான விடையைத் தாண்டிவிடுகிறது. அந்த 3 ரூபாய் வருடாவருடம் கைக்கு வருவதில்லை, கடைசி நாளில்தான் வருகிறது. ஐந்து வருடம் கழித்து வரும் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு குறைவு.

எனவே ஒவ்வொரு ரூபாயும் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். நம் அரசுப் பத்திரங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி தருபவை. ஆக 3.50 ரூபாய் பத்து முறை வரும், பத்தாவது முறை அதோடு அசல் 100-உம் சேர்ந்து வரும். அரையாண்டு விகிதத்தை r என்று வைத்தால்:

```
97 = 3.5/(1+r) + 3.5/(1+r)^2 + ... + 103.5/(1+r)^10
```

இதைத் திருப்பிப் போட்டு "r = இவ்வளவு" என்று எழுத முடியாது. r பத்தாம் அடுக்கு வரை வகுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாம் அடுக்கு முதல் இத்தகைய சமன்பாடுகளுக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது என்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே ஒரு விகிதத்தை ஊகித்து, அதற்கு விலை என்ன வருகிறது என்று பார்த்து, ஊகத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். கணினியும் இதையேதான் செய்கிறது.

அந்த ஊகம் வழிதவறாமல் இருப்பதற்கும், விலையும் யீல்டும் எதிரெதிராக நகர்வதற்கும் காரணம் ஒன்றே. மேலே உள்ள பத்து உறுப்புகளிலும் தொகுதியில் இருக்கும் ரூபாய் மாறாதது. வெளியீட்டு நாளிலேயே அது எழுதி வைக்கப்பட்டுவிட்டது. r கூடினால் பத்து உறுப்புகளும் குறைகின்றன, ஒன்றுகூட விதிவிலக்கில்லை. எனவே விலை இறங்கியே தீரும். ஒரு விலைக்கு ஒரே ஒரு யீல்டுதான் இருக்கும் என்பதும் இதனால்தான். ஊகித்த விகிதத்தில் விலை அதிகமாக வந்தால் விகிதத்தைக் கூட்ட வேண்டும், குறைவாக வந்தால் குறைக்க வேண்டும். எந்தப் பக்கம் நகர்வது என்ற சந்தேகமே வராது.

இனி கணக்கு. எக்செல்லில் விலை பார்க்க இந்த ஒரு வரி போதும், 0.08 இருக்கும் இடத்தில் ஊகத்தை மாற்றிக்கொண்டே போகலாம்:

```
=PV(0.08/2, 10, -3.5, -100)
```

7% போட்டால் சரியாக 100 வரும், ஏனென்றால் பத்திரம் தரும் வட்டியும் அதுதான். 8% போட்டால் 95.94. நமக்கு வேண்டிய 97 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 1% யீல்டுக்கு விலை 4.06 இறங்கியிருக்கிறது, நாம் இறங்க வேண்டியது 3. 3-ஐ 4.06-ஆல் வகுத்தால் 0.74. அடுத்த ஊகம் 7.74%.

அதைப் போட்டுப் பார்த்தால் விலை 96.98. இரண்டு காசு குறைகிறது, ஆக யீல்டைச் சற்றே குறைக்க வேண்டும். 7 முதல் 7.74 வரை அதே விகிதக் கணக்கை மீண்டும் போட்டால் 7.735% வருகிறது. அதற்கான விலை 96.9995. இன்னொரு சுற்றில் 7.7349%-இல் நிலைத்துவிடும். திரையில் நீங்கள் பார்த்த 7.73 இதுதான்.

முதல் ஊகம் ஏன் கொஞ்சம் மேலே போய் விழுந்தது? விலைக்கும் யீல்டுக்கும் இடையிலான கோடு நேர்கோடு அல்ல. இரு முனையில் கட்டிய கொடிக்கயிறு நடுவில் தொங்குவதுபோல, இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டுக்குக் கீழே அது இருக்கும். அதனால் நேர்கோட்டுக் கணக்கு, இடைப்பட்ட விலைக்கு எப்போதும் சற்றுக் கூடுதலான யீல்டையே காட்டும். 7-க்கும் 8-க்கும் பதிலாக 5-க்கும் 12-க்கும் நடுவில் தேடினால் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும், சுற்றுகள் கூடும், அவ்வளவுதான்.

சந்தைப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே எண்கள்தான் வருகின்றன. உங்களிடம் 7% பத்திரம் இருக்கிறது. நாளை அரசு அதே 5 வருடத்துக்கு 8% தருகிறது என்று வையுங்கள். உங்கள் பத்திரத்தை வாங்குபவருக்கு ஒவ்வொரு அரையாண்டும் 50 காசு குறைவு, பத்து முறை. அந்தப் பத்து 50 காசுகளின் இன்றைய மதிப்பு 4% அரையாண்டு விகிதத்தில் 4.06 ரூபாய். அதை முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் அவர் 95.94 தருவார். விலை இறக்கம் என்பது வட்டிக் குறைவுக்கான நஷ்டஈடு. புதிய வட்டி 6% ஆனால் உங்கள் பத்திரம் 104.27-க்குப் போகும். ஏற்றம் 4.27, இறக்கம் 4.06: அந்தக் கொடிக்கயிற்று வளைவு இங்கேயும் தெரிகிறது. 50 காசு நஷ்டம் எத்தனை முறை தொடர்கிறது என்பதுதான் அடியின் அளவைத் தீர்மானிக்கிறது. அதே 8% நிலையில் 1 வருடப் பத்திரம் 99.06-இல் நிற்கும், 30 வருடப் பத்திரம் 88.69-க்கு விழும்.

உங்கள் கணக்கு திரையோடு பொருந்தாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது விலையை. சந்தையில் சொல்லும் விலையில் சேர்ந்த வட்டி அடங்காது. கடைசி வட்டி நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து வாங்கினால் 97-உடன் 1.75 சேர்த்து 98.75 கட்டுவீர்கள். எக்செல்லின் YIELD சார்பு 97-ஐத்தான் எதிர்பார்க்கிறது, சேர்ந்த வட்டியைத் தானே பார்த்துக்கொள்ளும். அங்கே 98.75-ஐப் போட்டால் யீல்டு ஏறக்குறைய 0.45% குறைவாக வந்துவிடும்.

```
=YIELD(DATE(2025,1,15), DATE(2030,1,15), 0.07, 97, 100, 2, 4)
```

இதில் 2 என்பது அரையாண்டு வட்டி, 4 என்பது மாதத்துக்கு 30 நாள், வருடத்துக்கு 360 நாள் என்ற கணக்கு. இந்திய அரசுப் பத்திரங்களுக்கு இந்த முறைதான்.

எக்செல்லின் XIRR சார்பைப் போட்டவர்களுக்கு இதே பத்திரம் 7.88% அளவில் காட்டும். அதுவும் தவறில்லை. ஒய்டிஎம் என்பது அரையாண்டு விகிதம் 3.8674-ஐ வெறுமனே இரண்டால் பெருக்கியது. XIRR அதைக் கூட்டுவட்டியாகச் சேர்க்கிறது. இரண்டு பத்திரங்களை ஒப்பிட 7.73 போதும். வங்கி வைப்புத்தொகையோடு ஒப்பிடும்போது 7.88-ஐ எடுத்துக்கொண்டு, எதிரே அந்த வைப்பின் காலாண்டுக் கூட்டுவட்டியையும் வருட விகிதமாக மாற்றி வையுங்கள்.