அம்மாவின் ப்ரீபெய்ட் எண்ணில் கேட்காத காலர் டியூன்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அம்மாவுடைய ப்ரீபெய்ட் எண்ணுக்கு 100 ரூபாய் டாப்-அப் போட்டேன். மூன்று வாரத்தில் 15.75 ரூபாய்தான் மிச்சம். அவருக்குப் போன் செய்தால் ஏதோ பாட்டு கேட்கிறது. எஸ்எம்எஸ்களைப் பார்த்தால் காலர் டியூனுக்கு 36 ரூபாய், கிரிக்கெட் செய்திக்கு வாரம் 10 ரூபாய் என்று மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் கிரிக்கெட்டே தெரியாது. கஸ்டமர் கேரில் கேட்டால், "நீங்கள் பட்டனை அழுத்திச் சம்மதித்திருக்கிறீர்கள், பணம் திரும்ப வராது" என்கிறார்கள். சிம் அப்பா பெயரில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம். 100 ரூபாய் டாப்-அப் போட்டால் பேசுவதற்குக் கிடைப்பது 81.75 ரூபாய்தான். 18 சதவீத ஜிஎஸ்டியும் 3 ரூபாய் செயலாக்கக் கட்டணமும் அதில் கழிந்துவிடும். அந்த 18.25 ரூபாயைப் பற்றிப் புகார் சொல்ல முடியாது. 81.75-இல் 36 போய், 10 ரூபாய் மூன்று முறை போனால் மிச்சம் 15.75. ஆக, உங்கள் புகாரின் தொகை 66 ரூபாய். கடிதத்தில் "100 ரூபாயையும் எடுத்துவிட்டார்கள்" என்று எழுதினால், அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டே மற்றதைத் தள்ளிவிடுவார்கள். அதனால் 66 என்றே எழுதுங்கள்.

இந்தத் தொகை மெயின் பேலன்ஸிலிருந்துதான் போகும். மாதாந்திர அன்லிமிடெட் பேக் அப்படியே இருக்கும், பேச்சும் டேட்டாவும் நிற்காது. அதனால்தான் பல வீடுகளில் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது சேவையை நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால், பணம் எடுத்ததாக வந்த எஸ்எம்எஸ்கள் எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் சேவை ஒன்றைத் தொடங்கும்போதும் அதற்காகப் பணம் எடுக்கும்போதும் என்ன சேவை, எவ்வளவு என்று எஸ்எம்எஸ்ஸில் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை. அவர்கள் அனுப்பிய அந்தச் செய்திகள்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் சான்று. இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது என்று பெரியவர்கள் முதலில் அழிப்பதும் அதைத்தான்.

அப்புறம் அம்மாவின் போனிலிருந்தே 155223 என்ற எண்ணுக்கு STOP என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எந்த நிறுவனத்தின் சிம்மாக இருந்தாலும் இதே எண்தான், கட்டணம் கிடையாது. பெரும்பாலும் அந்த எண்ணில் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் பட்டியல் பதிலாக வரும். எதை நிறுத்த வேண்டுமோ அதற்கு நேராக இருக்கும் எண்ணையோ குறியையோ திருப்பி அனுப்ப வேண்டும். பட்டியலில் இரண்டு இருந்தால் இரண்டையும் தனித்தனியாக நிறுத்துங்கள். பாட்டு நின்றதும் எல்லாம் நின்றுவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், வாரச் சந்தா மட்டும் தொடர்ந்து ஓடும். எஸ்எம்எஸ் புரியவில்லை என்றால் அதே 155223-ஐ அழைத்துக் குரல் வழியாகவும் செய்யலாம். நிறுத்தியதற்கான செய்தி வந்ததும் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மறுநாள் உங்கள் போனிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து சாதாரண ரிங் கேட்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரப் பிடித்தம் வர வேண்டிய நாளில் பேலன்ஸைப் பாருங்கள், 15.75 அப்படியே இருந்தால் நின்றுவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "காலர் டியூனை நிறுத்தித் தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். இதை நிறுத்த யாருடைய உதவியும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். "பட்டனை அழுத்திவிட்டீர்கள்" என்ற பதில் சட்டப்படி போதாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலை 10 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, கட்டணச் சேவையைத் தொடங்க ஒரு சம்மதம் போதாது, இரண்டு வேண்டும். முதல் சம்மதம் விளம்பர அழைப்பிலோ இணையப் பக்கத்திலோ வாங்கியதாக இருக்கலாம். அதன் பிறகு சேவையின் பெயர், கட்டணம், எத்தனை நாளைக்கு என்ற விவரத்தைச் சொல்லி இரண்டாவது முறை உறுதி கேட்க வேண்டும். அதற்கும் வாடிக்கையாளர் ஆம் என்று சொன்னால்தான் பணம் எடுக்கலாம். இந்த இரண்டாவது உறுதியை வாங்கும் அமைப்பு, முதல் சம்மதத்தை வாங்கியவருடையதாக இருக்கக் கூடாது என்பதும் உத்தரவிலேயே இருக்கிறது. விற்பவரே சம்மதத்துக்கும் சாட்சியாக இருந்தால் அந்தச் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

அதனால் கஸ்டமர் கேரிடம் "நாங்கள் கேட்கவில்லை" என்று வாதம் செய்வதை விட்டுவிடுங்கள். "இரண்டாவது உறுதி எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த வழியில் பெறப்பட்டது? பதிவைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். உறுதி வாங்கியிருந்தால் பதிவு அவர்களிடம்தான் இருக்கும். உங்கள் அம்மா எதையும் அழுத்தவில்லை என்று அவர் நிரூபிக்க வழியே இல்லை. அழுத்தினார் என்று காட்ட வேண்டியது அவர்கள். கேள்வியை இப்படி மாற்றியதுமே பல புகார்களில் பணம் திரும்ப வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பதிவைத் தேடித் தருவதைவிட 66 ரூபாயைத் திருப்பிப் போடுவது அவர்களுக்கு எளிது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுக் குழந்தைகள் அந்தப் போனில் விளையாடுகிறார்களா என்று விசாரித்துவிடுங்கள். வேறொருவரின் காலர் டியூன் கேட்கும்போது நட்சத்திரக் குறியை அழுத்தி அதே பாட்டை எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. திரையில் திடீரென்று தோன்றும் பெட்டியில் ஓகே அழுத்துவதும், மொபைல் டேட்டாவில் விளம்பரத்தைத் தொடுவதும் நடக்கும். வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் பார்க்கும்போது, எண்ணைத் தட்டச்சு செய்யாமலே நிறுவனத்துக்கு அது எந்த எண் என்று தெரிந்துவிடும். இதெல்லாம் முதல் சம்மதமாகத்தான் ஆகும். ஆனால் யாரோ இரண்டாவது முறையும் ஆம் கொடுத்ததற்கு முழுப் பதிவு இருந்தால், பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம். நிறுத்தியதோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

புகாரை 198-இல் பதியுங்கள். பதிந்ததும் ஒரு டாக்கெட் எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை வாங்காமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். அது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. நீங்கள் ஏற்கெனவே கஸ்டமர் கேரில் பேசியதற்கு டாக்கெட் எண் இல்லையென்றால் அது சட்டப்படி புகாரே ஆகாது என்று வைத்துக்கொண்டு புதிதாகப் பதியுங்கள்.

பதில் வரவில்லை, அல்லது மறுபடியும் அதே பட்டன் கதைதான் என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். 2012-ஆம் ஆண்டின் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். முகவரியும் மின்னஞ்சலும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். கட்டணம் இல்லை. புகாரைத் தீர்க்க வேண்டிய கெடு முடிந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"என் எண்ணில் இன்ன தேதிகளில் காலர் டியூனுக்கு 36 ரூபாயும், கிரிக்கெட் சேவைக்கு 10 ரூபாய் வீதம் மூன்று முறையும், மொத்தம் 66 ரூபாய் எடுக்கப்பட்டது. இந்தச் சேவைகளை நாங்கள் கேட்கவில்லை. டிராயின் 10.7.2013 உத்தரவின்படி பெறப்பட்ட இரண்டாவது உறுதியின் பதிவை அளிக்கவும். பதிவு இல்லையெனில் 66 ரூபாயையும் திருப்பித் தரவும். டாக்கெட் எண் இது. எஸ்எம்எஸ் படங்கள் இணைப்பில்."

இந்தப் புகாரும் மேல்முறையீடும் அப்பா பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். சிம் அவர் பெயரில் இருப்பதால், அம்மா பெயரில் அனுப்பினால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

இதற்கு முன்பும் பிடித்திருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால், ப்ரீபெய்ட் வாடிக்கையாளரும் விவரமான பயன்பாட்டுப் பட்டியல் கேட்கலாம். முந்தைய ஆறு மாதம் வரை கேட்க முடியும், அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் நான் இதைக் கேட்கச் சொல்வேன். பாட்டு எப்போது தொடங்கியது என்று உங்களுக்கே தெரியவில்லை. ஆறு மாதமும் 36 ரூபாய் போயிருந்தால் பாட்டுக்கு மட்டுமே 216 ரூபாய்.

டிராயிடம் நேரே எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். தனிப்பட்ட வாடிக்கையாளரின் வழக்கை டிராய் விசாரித்துத் தீர்ப்பதில்லை. மேல்முறையீட்டிலும் தோற்றால் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசிச் சண்டைகள் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்று நிறுவனங்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா, அஜய் குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அதனால் அந்தத் தடை இப்போது இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. இங்கே அம்மாவும் வரலாம்: வாங்கியவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

66 ரூபாய்க்காக அங்கே போகலாமா? மேல்முறையீடு வரை கட்டாயம் போங்கள், அதற்குச் செலவில்லை. ஆறு மாதப் பட்டியலில் தொடர்ச்சியான பிடித்தம் தெரிந்து, பதிவையும் காட்டாமல் மறுத்தால், ஆணையத்துக்குப் போவது நியாயம். அங்கே எடுத்த பணத்தோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

மறுபடி வராமல் இருக்க, அம்மாவின் போனில் "சிம் டூல்கிட்" என்ற ஆப் இருக்கும். அதைத் திறந்து, நிறுவனத்தின் பெயரில் உள்ள மெனுவில் விளம்பரப் பெட்டிகளை அனுப்பும் வசதி ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். அவருக்கு அன்லிமிடெட் பேக் இருக்கிறதென்றால் டாப்-அப் தனியாகப் போடவே வேண்டாம்; மெயின் பேலன்ஸில் பணம் இல்லாவிட்டால் எடுக்கவும் எதுவும் இருக்காது.