பாலக்காட்டுக் கோயில்களில் பிரபஞ்சம் எங்கே?

கேள்வி: பாலக்காட்டுப் பக்கம் பல கோயில்களில் நம் ஊர் மாதிரி ராஜகோபுரமே இல்லை. பிறகு கோயிலைப் பிரபஞ்சத்தின் மாதிரி என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பிரபஞ்சத்தின் நடுவில் நிற்கும் மேரு மலையாகக் கருதப்படுவது வாசல் கோபுரம் இல்லை, கருவறைக்கு மேலே எழும் விமானம். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் விமானம்தான் உயரம், வாசல் கோபுரங்கள் தாழ்வு. கோபுரங்கள் விமானத்தை மிஞ்சி வளர்ந்தது பிற்காலத்தில்தான். கேரளத்தில் கருவறைக் கட்டடமான ஸ்ரீகோவிலின் சரிந்த கூரையும் உச்சியில் இருக்கும் தாழிகக்குடம் என்ற கலசமும் அந்த மலை.

சரி, மற்ற உலகம் எங்கே? தரையைப் பாருங்கள். ஸ்ரீகோவிலைச் சுற்றிச் சின்னச் சின்ன பலிக்கற்கள் இருக்கும். கிழக்கே இந்திரன், தெற்கே யமன், மேற்கே வருணன், வடக்கே சோமன், மூலைகளில் அக்னி, நிருதி, வாயு, ஈசானன். எட்டுத் திசைகளும் வந்துவிட்டன. ஆனால் மேலும் கீழும் திசைகள்தானே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: இந்திரனுக்கும் ஈசானனுக்கும் நடுவே பிரம்மாவுக்கு ஒரு கல், அது மேல்திசை. நிருதிக்கும் வருணனுக்கும் நடுவே அனந்தனுக்கு ஒரு கல், அது கீழ்திசை. நிமிர்ந்து நிற்கும் உலகத்தை ஒரே வட்டத்தில் படுக்க வைத்துவிட்டார்கள்!

சீவேலியின்போது உற்சவ விக்ரகத்தோடு வலம் வந்து, இந்தக் கற்களில் சோற்றைத் தூவுவார்கள். நடுவில் இருக்கும் தெய்வம் தன் எல்லாத் திசைகளுக்கும் படியளக்கும் நேரம் அது. அதனால்தான் அந்தக் கற்களை மிதிக்கவோ தாண்டவோ விடமாட்டார்கள். தளம் போடும்போது கல் புதைந்து போனால் அந்தத் திசையே அடையாளம் இல்லாமல் போகும். அடுத்த முறை வலம் வரும்போது எண்ணிப் பாருங்கள்.